பிரீஃப் முதல் டீடெய்ல் டிராயிங் வரை: ஒரு மாடிப்படியை வைத்துப் புரிந்துகொள்வோம்

கேள்வி: வீடு கட்ட ஆர்க்கிடெக்ட்டிடம் பேசியிருக்கிறோம். பிரீஃப், கான்செப்ட், ஸ்கீமேட்டிக், டீடெய்ல் டிராயிங் என்று நான்கு கட்டமாகப் பிரித்துச் சொல்கிறார். கான்செப்ட் பிளானிலேயே எல்லா அறையும் தெரிகிறதே, பிறகு எதற்கு இத்தனை கட்டம்? எந்தக் கட்டத்தில் எதை முடிவு செய்துவிட வேண்டும்?

பதில்:

ஒவ்வொரு கட்டமும் ஒரு வகை முடிவைப் பூட்டுவதற்காக இருக்கிறது. பிரீஃபில் "என்ன வேண்டும், யாருக்கு" என்பது பூட்டப்படும். கான்செப்ட்டில் எது எங்கே என்பதும், ஸ்கீமேட்டிக்கில் எவ்வளவு நீளம், அகலம், உயரம் என்பதும் முடிவாகும். எந்தப் பொருளால், எப்படிச் செய்வது என்பது டீடெய்ல் டிராயிங்கின் வேலை. முந்தைய பூட்டைத் திறந்தால் அதற்குப் பிறகு வரைந்தது எல்லாம் கலையும்.

வீட்டின் எல்லாப் பகுதியையும் எடுத்துச் சொன்னால் குழம்பிவிடும். மாடிப்படியை மட்டும் எடுத்துக்கொண்டு நான்கு கட்டத்தையும் கடப்போம். வீட்டில் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும் இடம் அதுதான். ஒரு கட்டத்தில் விட்ட பிழை அடுத்த கட்டத்தில் முதலில் பல்லைக் காட்டுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் பிரீஃப். "மாடிப்படி ஒன்று வேண்டும்" என்று எழுதினால் அது பிரீஃப் ஆகாது. மாடியில் யார் இருக்கப்போகிறார்கள், ஒரு நாளைக்கு எத்தனை முறை ஏறி இறங்குவார்கள், கட்டிலும் பீரோவும் அந்த வழியாகத்தான் போக வேண்டுமா, மொட்டை மாடிக்கும் இதே படியா, பின்னாளில் மாடியை வாடகைக்கு விடும் எண்ணம் உண்டா என்பதெல்லாம் அங்கே எழுத்தில் வர வேண்டும். கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் பதில் "ஆமாம்" என்றால் படி ஹாலுக்குள் இருக்க முடியாது, வாசலிலிருந்தே தனியாக ஏற வேண்டும். இந்தப் பதில் ஸ்கீமேட்டிக் முடிந்தபிறகு வந்தால் வீட்டையே மறுபடி வரைய வேண்டியதுதான்.

பிரீஃபோடு சேர்ந்தது மனையின் அளவு. பத்திரத்தில் 9 மீட்டருக்கு 15 மீட்டர் என்று இருக்கலாம். நான்கு பக்கத்தை மட்டும் அளந்து நிறுத்தக் கூடாது, இரண்டு மூலைவிட்டத்தையும் அளக்க வேண்டும். மனை சரியான செவ்வகமாக இருந்தால் இரண்டும் 17.49 மீட்டர் வரும். ஒன்று 17.2, மற்றது 17.8 என்று வந்தால் மனை சாய்ந்திருக்கிறது. செங்கோணத்தில் வரைந்த பிளான் ஒரு மூலையில் எல்லையைத் தொட்டுவிடும். சாலை மட்டம், கழிவுநீர் போகும் இடம், மரங்கள் இவையும் இதே நேரத்தில் குறிக்கப்பட வேண்டும்.

அறைகளின் பரப்பைக் கூட்டிப் பார்ப்பதும் இங்கேதான். அறைகள் மொத்தம் 120 சதுர மீட்டர் வந்தால் வீடு 120 சதுர மீட்டர் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். சுவர், நடைவழி, படி இவற்றுக்கு இன்னும் சுமார் 30 சதவீதம் சேர்த்தால் 156 ஆகிறது. பட்ஜெட்டை இந்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

அடுத்து கான்செப்ட். பெரும்பாலும் 1:200 அல்லது 1:100 ஸ்கேலில், தடித்த கோட்டில் வரும். இரண்டு மூன்று மாற்று யோசனைகள் இருக்கும். அவை உண்மையிலேயே வேறுபட்டவையா என்று பார்க்க எளிய வழி, ஒவ்வொன்றிலும் படி எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. ஒன்றில் வீட்டின் நடுவில், இன்னொன்றில் பக்கச் சுவரோரம் நீளவாக்கில், மூன்றாவதில் முன்வாசலோரம் என்று இருந்தால் மூன்றும் வெவ்வேறு யோசனைகள். மூன்றிலும் படி ஒரே இடத்தில் இருந்து முகப்பு மட்டும் மாறினால், அது ஒரே வீட்டுக்கு மூன்று சட்டை போட்டுக் காட்டுவது.

இந்தக் கட்டத்தில் படியின் விவரம் தேவையில்லை, ஆனால் அது உட்காரும் பெட்டியின் அளவு சரியாக இருந்தே ஆக வேண்டும். கணக்கு இப்படி. தரையிலிருந்து மாடித் தரை வரை 3000 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு படியின் உயரம் 175 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்றால் 18 ஏற்றம் வேண்டும், ஒவ்வொன்றும் 167 மி.மீ. பாதியில் திரும்பும் படி என்றால் கீழே 9, மேலே 9. ஒன்பது ஏற்றத்துக்கு நடுவே மிதிக்கும் பலகை எட்டுதான், ஏனென்றால் ஒன்பதாவது ஏற்றம் லேண்டிங்கில் போய் முடிகிறது. ஒரு மிதி 270 மி.மீ. என்றால் எட்டுக்கு 2160. அதோடு லேண்டிங் 1000, படிக்கு முன் நிற்கவும் திரும்பவும் 1000. மொத்தம் 4160, அதாவது ஏறத்தாழ 4.2 மீட்டர் நீளம். அகலம் ஒரு மீட்டர் வீதம் இரண்டு வரிசை, நடுவில் 100 மி.மீ. இடைவெளி, ஆக 2.1 மீட்டர்.

கான்செப்ட் தாளில் 2.1-க்கு 4.2 பெட்டி இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். கூடவே கோடுகளை எண்ணிப் பாருங்கள். ஒரு வரிசைக்கு ஆறு கோடு மட்டும் போட்டு 3 மீட்டரில் அடக்கியிருந்தால் அந்த பிளானில் அறைகள் எல்லாம் தாராளமாகத்தான் தெரியும். அந்தத் தாராளம் படியிடமிருந்து திருடியது. 3டி படத்தின் அழகில் இது கண்ணில் படாது.

கான்செப்ட்டில் நீங்கள் ஒப்புதல் தருவது அறைகளின் இடம், படியின் இடம், வீட்டின் பொதுவான உருவம் ஆகியவற்றுக்கு. டைல்ஸ் நிறம், கைப்பிடி டிசைன் பற்றி இங்கே பேசத் தேவையில்லை. பேசினாலும் யாரும் குறித்து வைக்க மாட்டார்கள்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வரலாம். கான்செப்ட் பிளானில் எல்லாம் தெரிகிறதே என்கிறீர்கள். பிளான் என்பது தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் வீட்டைக் கிடையாக வெட்டி, மேலிருந்து கீழே பார்ப்பது. அந்த வெட்டுக்கு மேலே என்ன நடக்கிறது என்பது பிளானுக்குத் தெரியாது. அதைச் சொல்வது செக்‌ஷன், அதாவது செங்குத்து வெட்டு. ஸ்கீமேட்டிக் கட்டத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. 1:100 அல்லது 1:50 ஸ்கேலில் பிளான், எலிவேஷன், குறைந்தது இரண்டு செக்‌ஷன், அதில் ஒன்று கட்டாயம் படியின் வழியாக. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரும் இந்தக் கட்டத்தில் உள்ளே வந்துவிட வேண்டும்.

அவர் வந்ததும் முதலில் மாறுவது உயரம். ஹாலுக்கு மேலே 450 மி.மீ. ஆழ பீம் வேண்டும் என்கிறார். தளத்துக்குத் தளம் 3000 என்றால் பீமுக்கு அடியில் 2550தான் கிடைக்கும். அதனால் உயரம் 3150 ஆகிறது. 3150-ஐ 18-ஆல் வகுத்தால் சரியாக 175. ஏற்றங்களின் எண்ணிக்கை மாறவில்லை, எனவே பெட்டியும் மாறவில்லை. இரண்டு ஏற்றத்தையும் ஒரு மிதியையும் கூட்டினால் 620 வருகிறது. இந்தக் கூட்டல் 600-க்கும் 640-க்கும் இடையில் இருந்தால் ஏறுவதற்கு இயல்பாக இருக்கும் என்பது நெடுநாள் வழக்கில் உள்ள அளவு.

இப்போது, கான்செப்ட்டில் எல்லோரும் ஆசையாகக் கேட்கும் "படிக்குக் கீழே ஒரு டாய்லெட்" என்ற விஷயத்தைச் செக்‌ஷனில் பார்ப்போம். லேண்டிங் 9 ஏற்றத்துக்கு மேலே இருக்கிறது, அதாவது 1575 மி.மீ. உயரத்தில். ஸ்லாபும் கல்லும் சேர்ந்து 200 மி.மீ. போனால் அடியில் 1375 மிச்சம். அங்கே யாராலும் நிமிர்ந்து நிற்க முடியாது. சரி, மேலே போகும் இரண்டாவது வரிசைக்குக் கீழே வைக்கலாமா? அந்தச் சாய்வு ஸ்லாபின் தடிமன், படியின் முக்கோணம், அடிப்பூச்சு எல்லாம் சேர்த்து, படிகளின் முனைகளைத் தொட்டுச் செல்லும் கோட்டிலிருந்து செங்குத்தாகச் சுமார் 370 மி.மீ. கழிந்துவிடும். தலைக்கு மேல் 2100 வேண்டுமானால் அந்த முனைக் கோடு 2470 உயரத்துக்கு ஏறியிருக்க வேண்டும். அது லேண்டிங் விளிம்பிலிருந்து சுமார் 1.1 மீட்டர் தள்ளித்தான் நடக்கிறது. ஆகவே 2160 நீளத்தில் நிமிர்ந்து நிற்கக் கிடைப்பது ஒரு மீட்டர் சொச்சம்.

எனவே டாய்லெட் முடியும், ஆனால் ஒரே ஒரு விதத்தில்தான். கதவு உயரமான முனையில் இருக்க வேண்டும், கமோடின் முதுகு தாழ்வான பக்கம் போக வேண்டும். பிளானில் கதவைப் பக்கவாட்டில் நடுவே போட்டிருந்தால் உள்ளே நுழைபவரின் நெற்றி ஸ்லாபில் மோதும். கான்செப்ட் தாள் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்காது.

அதே லேண்டிங் வெளிச்சுவரிலும் ஒரு வேலை காட்டும். மற்ற அறைகளின் ஜன்னல்கள் தரையிலிருந்து 900-ல் தொடங்கி 2100-ல் முடிகின்றன. படியறைக்கும் அதே வரிசையில் ஜன்னல் வைத்தால் லேண்டிங் ஸ்லாப் 1375-க்கும் 1575-க்கும் இடையில் அந்த ஜன்னலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். எலிவேஷனில் எல்லாம் நேர்க்கோட்டில் அழகாக இருக்கும், கட்டும்போது ஜன்னலுக்குள் காங்கிரீட் தெரியும். ஸ்கீமேட்டிக்கில் செக்‌ஷனையும் எலிவேஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே உயரங்களை இரண்டிலும் விரலால் தொட்டுப் பார்த்தால் இது ஐந்து நிமிடத்தில் பிடிபடும்.

ஸ்கீமேட்டிக்கில் நீங்கள் ஒப்புதல் தந்தால் பூட்டப்படுவது உயரங்கள், சுவர்களின் இடம், தூண்களின் இடம், கதவு ஜன்னல் இருக்குமிடம், குழாய் இறங்கும் வழி. இதற்குப் பிறகு "சீலிங்கை ஒரு அடி ஏற்றினால் நன்றாக இருக்குமே" என்று ஒருவர் கேட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

3150 இப்போது 3450 ஆகிறது. 18-ஆல் வகுத்தால் 192 மி.மீ., வீட்டில் தினமும் ஏற அது செங்குத்து. 20 ஏற்றம் போட்டால் 172.5, நல்லது. ஆனால் வரிசைக்கு 10 ஏற்றம், 9 மிதி. நீளம் 2160-லிருந்து 2430. பெட்டி 270 மி.மீ. நீள்கிறது. லேண்டிங்குக்குப் பின்னால் 1500 மி.மீ. அகலக் குளியலறை இருந்தால் அது 1230 ஆகும். சுவர் நகர்ந்தால் அதன் கீழிருக்கும் பீமும், பீம் நகர்ந்தால் தூணும் நகர வேண்டும். லேண்டிங் 1575-லிருந்து 1725-க்கு ஏறுவதால் படியறை ஜன்னலும் மறுபடி வைக்கப்பட வேண்டும்.

கான்செப்ட் கட்டத்தில் இதைக் கேட்டிருந்தால் ஒரு கோட்டை அழித்துப் போடுவதோடு முடிந்திருக்கும். தூண்கள் எழும்பியபிறகு கேட்டால் பெட்டியை நீட்ட முடியாது. அப்போது நடப்பது, மிதியை 270-லிருந்து 240 ஆகக் குறைப்பது. ஒன்பது மிதிக்கும் அதே 2160 போதும். கணக்கு ஒத்துவரும், ஆனால் இறங்கும்போது குதிகால்தான் படியில் நிற்கும். குறுகலான, இறங்கக் கூச்சமான படிகளை ஏராளமான வீடுகளில் பார்க்கலாம். அவற்றில் பலவும் முதலிலேயே அப்படி வரையப்பட்டவை அல்ல, பின்னால் உயரம் ஏறியதால் நெருக்கப்பட்டவை.

கடைசியாக டீடெய்ல் டிராயிங். 1:50-ல் தொடங்கி 1:20, 1:10, 1:5 வரை போகும். படிக்கு மட்டும் ஒவ்வொரு தளத்தின் பிளான், இரண்டு செக்‌ஷன், படி முனையின் விவரம், கைப்பிடியின் விவரம், இவற்றோடு கம்பி கட்டும் ஸ்ட்ரக்சுரல் டிராயிங் தனியாக வரும். இவ்வளவு எதற்கு என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும்.

ஸ்கீமேட்டிக்கில் 175 என்று சொன்னது எந்த மட்டத்திலிருந்து எந்த மட்டத்துக்கு? நடந்து பழகுவது முடிந்த தரையில், ஆனால் கொத்தனாரும் தச்சரும் முதலில் செய்வது காங்கிரீட். இரண்டு தளத்திலும் கலவையும் டைலும் சேர்ந்து 60 மி.மீ. வரும் என்று வைப்போம். படியின் மேல் 20 மி.மீ. கல், அடியில் 20 மி.மீ. கலவை, ஆக 40 மி.மீ. காங்கிரீட்டை எல்லாப் படிக்கும் ஒரே மாதிரி 175 என்று வார்த்தால் முதல் படியின் மேற்பரப்பு காங்கிரீட் தரையிலிருந்து 215-ல் இருக்கும். தரை 60 ஏறிவிட்டதால் காலுக்குக் கிடைக்கும் முதல் ஏற்றம் 155. நடுவில் எல்லாம் 175. கடைசி ஏற்றத்தில் படி 40 ஏறியிருக்க, மாடித் தரை 60 ஏறியிருப்பதால் 195.

ஒரே படிக்கட்டில் 155, 175, 195. கால் முதல் இரண்டு மூன்று படியிலேயே தாளத்தைப் பிடித்துக்கொண்டு, பிறகு பார்க்காமல் அதே உயரத்துக்குத் தூக்குகிறது. கடைசிப் படியில் 20 மி.மீ. அதிகம் என்றால் கட்டைவிரல் இடிக்கும், மாடிக்கு வருபவரெல்லாம் அதே இடத்தில் தடுக்குவார்கள். அமெரிக்காவில் வீடுகளுக்கான மாதிரிக் கட்டட விதி, ஒரு படிக்கட்டில் மிக உயரமான ஏற்றத்துக்கும் மிகக் குட்டையானதற்கும் இடையே 9.5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கூடாது என்கிறது. நம் கணக்கில் 40.

தீர்வு டீடெய்ல் டிராயிங்கில் ஒரு வரி. காங்கிரீட்டில் முதல் ஏற்றம் 195, நடுவில் பதினாறும் 175, கடைசி 155 என்று எழுதினால் மொத்தம் அதே 3150. கல்லும் டைலும் போட்டபின் பதினெட்டும் 175 ஆகிவிடும். ஆனால் இந்த வரியை எழுத, கல்லின் தடிமன் அன்றே தெரிந்திருக்க வேண்டும். "கல்லா மரமா, பிறகு பார்க்கலாம்" என்று நீங்கள் தள்ளிப்போட முடியாத இடம் இது. நிறம் பிறகு மாறலாம், தடிமன் மாறக் கூடாது. ஆர்க்கிடெக்ட் இந்தக் கட்டத்தில் தரை வகையைக் கேட்டு நச்சரிப்பதன் காரணமும் இதுவே.

கம்பியிலும் இதே அளவு நுட்பம் உண்டு. சாய்வு ஸ்லாப் லேண்டிங்கில் சேரும் இடத்தில் உள்மூலை ஒன்று உருவாகும். அடிக்கம்பியை அந்த மூலையோடு மடக்கி ஒரே கம்பியாகக் கொண்டுபோனால், எடை ஏறும்போது கம்பி நிமிரப் பார்க்கும், மூலையில் காங்கிரீட்டை வெளியே தள்ளிப் பெயர்க்கும். அதனால் இரு பக்கத்துக் கம்பிகளும் அங்கே ஒன்றையொன்று கடந்து எதிர்ப்புறம் போய் ஊன்ற வேண்டும். 1:100 தாளில் இதை வரைய இடமே கிடையாது. 1:20-ல் பெரிதாகப் போட்டால்தான் கம்பி கட்டுபவர் பார்த்துச் செய்வார்.

அளவு எங்கிருந்து எங்கே என்பதும் டீடெய்ல் டிராயிங் சொல்ல வேண்டியது. படியறை 2100 என்றால் செங்கலிலிருந்து செங்கலுக்கா, பூச்சிலிருந்து பூச்சுக்கா? இரண்டு பக்கமும் 15 மி.மீ. பூசினால் 30 போகும். கைப்பிடி இன்னொரு 60 எடுக்கும். தாளில் ஒரு மீட்டர் என்றிருந்த படி நடக்கும்போது 925-தான். பீரோவோ கட்டிலோ போக வேண்டும் என்று பிரீஃபில் எழுதியிருந்தால் அதைச் சரிபார்க்க இந்த 925-ஐத்தான் பயன்படுத்த வேண்டும்.

கட்டங்களின் பெயர் பற்றி ஒன்று. பிரிட்டனில் ஆர்க்கிடெக்ட்டுகளின் அமைப்பான ரிபாவின் வேலைத் திட்டம் பூஜ்யம் முதல் ஏழு வரை எண்ணிடுகிறது. பிரீஃப் 1, கான்செப்ட் 2, அளவுகளை ஒருங்கிணைப்பது 3, தொழில்நுட்ப டிராயிங் 4. அமெரிக்க ஒப்பந்தங்களில் ஸ்கீமேட்டிக்குக்கும் கட்டுமான டிராயிங்குக்கும் நடுவே டிசைன் டெவலப்மென்ட் என்று ஒரு கட்டம் தனியாக வரும். வேறு சிலர் கான்செப்ட்டையே ஸ்கீமேட்டிக் என்பார்கள். அதனால் பெயரைப் பிடித்துக்கொள்ளாமல், ஒவ்வொரு கட்டத்திலும் என்னென்ன தாள், எந்த ஸ்கேலில், எத்தனை செக்‌ஷன் என்று பட்டியலாக எழுதி வாங்குங்கள். பணம் அந்தப் பட்டியலோடு இணைந்திருக்கட்டும்.

ஒரு கட்டத்தை முடித்ததாக ஏற்கும்போது தாளின் எண்ணையும் திருத்த எண்ணையும் குறிப்பிட்டு எழுத்தில் தாருங்கள். "போன வாரம் காட்டிய பிளான் ஓகே" என்பது ஒப்புதல் ஆகாது, போன வாரம் இரண்டு பிளான் காட்டியிருப்பார்கள். அனுமதி வாங்கப் போட்ட டிராயிங்கை வைத்து அஸ்திவாரம் தோண்டத் தொடங்குவதும் அடிக்கடி நடக்கிறது. அது பெரும்பாலும் ஸ்கீமேட்டிக் அளவில் இருப்பது. அதில் தூணின் மையக்கோடு, காங்கிரீட் மட்டம், கம்பி எதுவும் முழுமையாக இருக்காது. சைட்டுக்குப் போகும் தாளில் "கட்டுமானத்துக்கு" என்ற முத்திரையும் தேதியும் இருக்க வேண்டும், பழைய திருத்தத்தின் பிரதிகளை அன்றே சைட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

டீடெய்ல் டிராயிங் வந்ததும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. கைப்பிடியைச் செய்பவர் தாளில் உள்ள அளவை வைத்துப் பட்டறையில் வெட்டக் கூடாது. படியில் கல் பதித்து முடிந்தபின் நேரில் அளந்து தன் டிராயிங்கைப் போட்டு, அதற்கு ஆர்க்கிடெக்ட்டின் ஒப்புதல் வாங்கியபிறகே வெட்ட வேண்டும். கைப்பிடியின் அடித்தகட்டைக் கல்லின் விளிம்பில் துளை போட்டு இறுக்கினால் கல் உடையும். போல்ட் கல்லைத் தாண்டிக் காங்கிரீட்டில் பிடிக்க வேண்டும். அந்தத் துளை விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே என்பது 1:5 தாளில் இருக்கிறதா என்று கல் பதிக்கும் முன்னரே பார்த்துவிடுங்கள்.